மழைக்கு அப்புறம் முட்டுப் பைப் ஏன் இன்னும் தொய்ந்தது?

“அண்ணாச்சி, சேரன்மகாதேவி பக்கம் கால்வாய் ஓரத்து வயலில் ஒரு சம்ப் தோண்டுகிறோம். 3 மீட்டர் ஆழம், 5 மீட்டர் அகலம். மண் சரியாமல் இருக்க ரெண்டு பக்கமும் பலகை அடித்து, குறுக்கே 80 என்.பி. மீடியம் பைப்பை முட்டாகக் கொடுத்திருக்கிறோம். ஒரு முட்டின் நடுவில் 150 கிலோ எடையுள்ள தண்ணீர் இறைக்கிற மோட்டார் செட்டை செயினில் தொங்கவிட்டிருக்கிறோம். கணக்குப்படி 24 மி.மீ. தொய்வு வரணும், ஆனால் நூல் பிடித்துப் பார்த்தால் 32. ரெண்டு நாள் மழைக்குப் பிறகு அதே பைப் 48 காட்டுகிறது. மோட்டார் எடை கூடவே இல்லையே, ஏன்? முனையில் இருக்கும் ஸ்க்ரூ ஜாக்கை இன்னும் ரெண்டு சுற்று இறுக்கினால் பைப் நிமிர்ந்துவிடுமா?”

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஜாக்கில் கையே வைக்காதே. இறுக்கினால் பைப் நிமிராது, இன்னும் கீழே போகும். குழிக்குள் ஆள் இறங்குவதை நிறுத்திவிட்டு மீதியைப் படி.

உன் 24 மி.மீ. கணக்கில் தப்பு இல்லை. 88.9 மி.மீ. வெளிவிட்டம், 4 மி.மீ. தகடு, 5 மீட்டர் நீளம், நடுவில் 1.5 கிலோநியூட்டன். மோட்டாருக்கு மட்டும் 20 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வரும், பைப்பின் சொந்த எடைக்கு மூன்றரை, ஆக 24. ஆனால் அது ரெண்டு முனையிலும் சும்மா எடுத்து வைத்த உத்தரத்துக்கான கணக்கு. உன் பைப் சும்மா கிடக்கவில்லை. ரெண்டு பக்கத்து மண்ணும் அதை நீளவாக்கில் நெருக்கிக்கொண்டு இருக்கிறது. நீ அந்த நெருக்கலுக்குத் தனியாக ஒரு தகைவு, மோட்டாருக்குத் தனியாக ஒரு தகைவு என்று போட்டுக் கடைசியில் கூட்டியிருப்பாய், எல்லாரும் செய்வதுதான். அப்படிக் கூட்டுவதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: நெருக்குகிற விசை பைப்பின் நடுக்கோட்டிலேயே நேராகப் போகிறது என்பது. மோட்டார் தொங்காதவரை அது கிட்டத்தட்ட சரி. மோட்டாரைத் தொங்கவிட்ட நிமிஷத்தில் பைப்பின் நடுப்பகுதி 24 மி.மீ. கீழே இறங்கிவிடுகிறது, ஆனால் தள்ளுகிற விசை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நேர்கோட்டில்தான் இருக்கிறது. இப்போது விசைக்கும் பைப்புக்கும் நடுவே 24 மி.மீ. இடைவெளி. விசை பெருக்கல் இடைவெளி, அது ஒரு மொமென்ட். அதுவும் மோட்டார் எந்தப் பக்கம் வளைக்கிறதோ அதே பக்கம் வளைக்கிற மொமென்ட்.

அந்த மொமென்ட் பைப்பைக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கும். வளைந்ததால் இடைவெளி கூடும். கூடிய இடைவெளிக்கு இன்னும் கொஞ்சம் மொமென்ட், அதற்கு இன்னும் கொஞ்சம் வளைவு. வட்டிக்கு வட்டி போடுகிற மாதிரிதான். இது எங்கே போய் நிற்கும், நிற்குமா என்பதுதான் கேள்வி, அதைச் சொல்லும் எண் ஒன்று இருக்கிறது, ஆய்லர் பளு. அதை நெளிந்து போகிற பளு என்று மட்டும் மனப்பாடம் செய்திருப்போம், இங்கே அதை வேறு மாதிரிப் பார்க்கணும். ஒரு பைப் நடுவில் எவ்வளவு வளைந்திருக்கிறதோ, அந்த வளைவினால் வரும் மொமென்ட் மறுபடி அதே அளவு வளைவை உண்டாக்கினால், அந்த விசைதான் ஆய்லர் பளு. விசை அதில் பாதி என்றால், வளைவில் பாதி கூடுதலாக வரும். கால்வாசி என்றால் கால்வாசி.

உன் பைப்புக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். பைப்பின் ஐ மதிப்பு 96.3 செ.மீ.⁴, இரும்பின் ஈ மதிப்பு 2 லட்சம் நியூட்டன்/ச.மி.மீ., முனைகள் பலகையில் சும்மா முட்டி நிற்கின்றன, அதனால் நீளம் முழு 5 மீட்டர்.

```
Pe = π² E I / L²
   = π² × 200000 × 963000 / 5000²
   ≈ 76000 N = 76 kN
```

மண் பைப்பை 38 கிலோநியூட்டனில் நெருக்குகிறது என்று வை, 76-ல் சரிபாதி. முதல் வளைவு 24. அதனால் கூடுதலாக 12. அந்த 12-ஆல் 6. அப்புறம் 3, ஒன்றரை, முக்கால் என்று தேய்ந்துகொண்டே போய் மொத்தம் 48-ல் நிற்கிறது. உன் நூலில் வந்த அதே 48. மழைக்கு முன்னால் வந்த 32-ஐயும் இதே மாதிரிப் பிரிக்கலாம்: 24, அப்புறம் 6, அப்புறம் ஒன்றரை, அப்புறம் ஒரு துளி. அதாவது அன்றைக்கு விசை 76-ல் கால்வாசி, 19 கிலோநியூட்டன். முடிவில்லாத இந்தக் கூட்டலைச் சுருக்கி எழுதினால் ஒரு வரி:

```
δ = δ0 / (1 − P/Pe)
```

δ0 என்பது நெருக்கல் இல்லாதபோது வரும் தொய்வு, இங்கே 24. இதைத் திருப்பிப் போட்டால் தொய்வை வைத்தே உள்ளே இருக்கும் விசையைக் கண்டுபிடிக்கலாம். உன் நூலும் அளவுகோலும் சேர்ந்து ஒரு லோடு செல் வேலை செய்திருக்கின்றன, நீ அறியாமலே:

```
P = Pe (1 − δ0/δ)
P = 76 (1 − 24/32) = 19 kN
P = 76 (1 − 24/48) = 38 kN
```

ரெண்டு நாள் மழையில் மண்ணின் தள்ளுதல் ரெண்டு மடங்காகிவிட்டது என்று இதற்கு அர்த்தம். கால்வாய் ஓரத்து வயல் மண், ஐப்பசி அடைமழை, தண்ணீர் உள்ளே போனதும் மண் கனக்கும், பிடிப்பு இளகும், பலகைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் அதன் அழுத்தம் தனியாகச் சேரும். 3 மீட்டர் ஆழக் குழியில் 2 மீட்டருக்கு ஒரு முட்டு என்றால் இந்த அளவு விசை வருவது ஒன்றும் அதிசயம் இல்லை. மோட்டார் எடை மாறவில்லை என்று நீ சொன்னது சரி, மாறியது மண்.

இதைக் கண்ணால் பார்க்கணும் என்றால் ஒரு மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை எடு. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவே படுக்கவாட்டில் பிடித்து, விழாத அளவுக்கு மட்டும் லேசாக அழுத்தி, நடுவில் பைக் சாவிக்கொத்தை ஒரு நூலில் தொங்கவிடு. கொஞ்சம் தொய்யும். இப்போது சாவியைத் தொடாமல் உள்ளங்கைகளை மெல்ல மெல்ல நெருக்கு. முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, அப்புறம் இறங்க ஆரம்பிக்கும், அப்புறம் கை கொஞ்சமே கொஞ்சம் நெருங்கினாலும் சாவி சரசரவென்று கீழே போகும். அதே ஸ்கேலை ரெண்டு முனையிலும் பிடித்து இழுத்தால் சாவி மேலே ஏறும். இழுவைக்கு அதே வாய்ப்பாட்டில் கழித்தல் குறி கூட்டலாகிவிடும், அவ்வளவுதான். உன் பைப்பை 38 கிலோநியூட்டனில் நெருக்குவதற்குப் பதில் இழுத்திருந்தால் தொய்வு 24-லிருந்து 16-க்குக் குறைந்திருக்கும். துணி காயப்போடுகிற கொடியை இழுத்துக் கட்டினால் தொய்வு போகும் என்கிற அனுபவம் நம் எல்லாருக்கும் இருக்கிறது, ஜாக்கை இறுக்கினால் பைப் நிமிரும் என்று உனக்குத் தோன்றியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் ஜாக் இழுப்பதில்லை, தள்ளுகிறது. ரெண்டு சுற்று இறுக்குவது என்றால் 38-ஐ நாற்பத்து சொச்சம் ஆக்குவது.

அந்த நாற்பத்து சொச்சத்தில் என்ன நடக்கும் என்பதுதான் எனக்கு உன் கேள்வியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. தகைவுக் கணக்குக்கு வருகிறேன் (எல்லாம் நியூட்டன், சதுர மில்லிமீட்டருக்கு). நீ போட்ட மாதிரித் தனித்தனியாகக் கூட்டினால், மோட்டாரும் சொந்த எடையும் சேர்ந்து 2.13 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்ட், அதற்கு 98. நேர் அழுத்தத்துக்கு 38000-ஐ 1067 ச.மி.மீ.யால் வகுத்தால் 36. மொத்தம் 134. பைப் இரும்பு 240 வரை தாங்கும், பாதிக்குக் கொஞ்சம் மேல்தானே என்று நிம்மதியாக இருந்திருப்பாய். உண்மையில் நடுவில் இன்னொரு மொமென்ட் இருக்கிறது, 38 கிலோநியூட்டன் பெருக்கல் 48 மி.மீ., அது 1.82. அதாவது மோட்டார் கொடுக்கிற மொமென்ட்டுக்கு ஏறக்குறைய சமமான இன்னொன்றை மண் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்தால் மொமென்ட் 3.95, வளைவுத் தகைவு 182, நேர் அழுத்தம் 36, மொத்தம் 218.

இதோடு போகவில்லை. விசை 42-க்குப் போனால் தொய்வு 53-ஐத் தாண்டும், தகைவு சரியாக 240-ஐத் தொடும். 38-லிருந்து 42, வெறும் 4 கிலோநியூட்டன், இன்னும் ஒரு நல்ல மழை, அல்லது குழி ஓரமாக ஒரு ஜல்லி லாரி வந்து நிற்பது, அல்லது ஜாக்கில் ரெண்டு சுற்று. தனித்தனியாகக் கூட்டுகிற கணக்கு இதே பைப் எப்போது 240-ஐத் தொடும் என்று சொல்கிறது தெரியுமா? 151 கிலோநியூட்டனில். ஆய்லர் பளுவே 76 என்கிறபோது, அதைப்போல ரெண்டு மடங்கில்! ஒரு கணக்கு எந்த இடத்தில் பொய் சொல்ல ஆரம்பிக்கிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான எண் எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனி. விசை பூஜ்யத்திலிருந்து 19-க்குப் போனபோது தொய்வு 8 மி.மீ. கூடியது. அடுத்த 19-க்கு 16 கூடியது. இரும்பு இளகாமல் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் அடுத்த 19-க்கு 48 கூடி 96-ல் போய் நிற்கும். அதற்கும் அடுத்த 19-ல் 76 வந்துவிடும், 24, 24, 24 என்று கூட்டல் நிற்கவே நிற்காது. ஆக, இதுவரை 16 மி.மீ.தானே கூடியது, அடுத்த மழைக்கும் அவ்வளவுதான் கூடும் என்று நேர்கோட்டில் நீட்டிப் பார்க்கக் கூடாது. தொய்வு முதல் கணக்கைப்போல ஒன்றரை மடங்கு ஆனால் விசை ஆய்லர் பளுவில் மூன்றில் ஒரு பங்கு, ரெண்டு மடங்கு ஆனால் பாதி. பாதியைத் தாண்டினால் நான் அந்த முட்டை நம்ப மாட்டேன், தகைவு எவ்வளவு குறைவாக வந்தாலும் சரி.

இந்த வாய்ப்பாடு தோராயம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வளைவு ஒரு சைன் வடிவத்தில் இருக்கிறது என்ற அனுமானத்தில் வருவது. நடுவில் ஒற்றைப் பளு தொங்கும்போது உண்மையான வளைவு கொஞ்சம் வேறு வடிவம், அதற்குச் சரியான வாய்ப்பாடு tan எல்லாம் வைத்து நீளமாக இருக்கும். ஆய்லர் பளுவில் பாதி விசைக்கு அதைப் போட்டால் பெருக்கம் 1.99 வருகிறது, நம் சின்ன வாய்ப்பாட்டில் 2. குழி ஓரத்தில் நின்று போடுகிற கணக்குக்கு இதற்குமேல் என்ன வேணும். ஆனால் ரெண்டு முனையும் தாங்கி நிற்க, முழு நீளமும் ஒரே பக்கம் வளைகிற உத்தரத்துக்குத்தான் இது. நடுவில் இன்னொரு தாங்கல் இருந்தாலோ, முனைகளில் எதிரெதிர் மொமென்ட் வந்து பைப் எஸ் மாதிரி வளைந்தாலோ இப்படியே போடக் கூடாது. இரும்பு இளக ஆரம்பித்த பிறகும் இது செல்லாது, அங்கே நிஜம் இந்தக் கணக்கைவிட மோசமாக இருக்கும்.

முனைகளை நன்றாக வெல்டு வைத்துப் பிடித்துவிட்டால் ஆய்லர் பளு 4 மடங்காகுமே என்று கேட்பாய். புத்தகத்தில் ஆகும். உன் முனைத்தகடு முட்டி நிற்பது மழையில் ஊறிய மரப்பலகையில், அது திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் என்று நான் ஒரு பைசா கூட பந்தயம் கட்ட மாட்டேன். நீ அளந்த 32-ம் 48-ம் சும்மா முட்டி நிற்கிற முனைக்கான கணக்கோடு, கேட்டால் நம்பும்படியான விசையைத்தானே கொடுக்கின்றன.

பைப் முதலிலேயே கொஞ்சம் கோணியிருந்தால் அந்தக் கோணலும் இதே மாதிரிப் பெருகும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போன வேலையில் அடிபட்டு 10 மி.மீ. வளைந்த பழைய பைப் என்றால், பாதி ஆய்லர் பளுவில் அது 20 ஆகும், தகைவில் இன்னொரு 35 சேரும். உன் 218-ல் 35-ஐச் சேர்த்துப் பார், 240 தாண்டிவிட்டது. சாரத்துக்கும் முட்டுக்கும் கோணல் பைப்பை ஒதுக்கி வைப்பது அழகுக்காக இல்லை. வேறு வழியே இல்லாமல் போட்டால் கோணல் மேல்பக்கம் பார்க்கப் போடு, மோட்டார் தொய்வைக் கொஞ்சம் அது கழிக்கும். சின்ன ஆறுதல், அவ்வளவுதான்.

ஆபீஸில் ஸ்டாட் மென்பொருளை வைத்துச் சரிபார்க்கப் போகிறாய் என்றால் ஒரு எச்சரிக்கை. `PERFORM ANALYSIS` என்று கொடுத்தால் அது உனக்கு 24-ஐத்தான் காட்டும், நெருக்கல் 5 ஆனாலும் 50 ஆனாலும் அதே 24. `PDELTA 20 ANALYSIS` கொடுக்கணும், அந்த 20 என்பது கூட்டலை எத்தனை சுற்று போடணும் என்பதற்கு. கொடுத்தாலும் முழு 5 மீட்டரை ஒரே துண்டாக வைத்திருந்தால், முனைகள் ரெண்டும் நகராததால், நடுவில் வரும் பெருக்கத்தை அது கோட்டைவிட வாய்ப்புண்டு. நடுவில் நோடுகள் போட்டு நாலு துண்டாகப் பிரி. 48 பக்கம் வந்தால் உன் மாடல் சரி, 24-லேயே நின்றால் மாடலில்தான் கோளாறு.

இப்போது செய்ய வேண்டியது. அந்த பைப்பை அவிழ்க்காதே, பக்கத்திலேயே அரை மீட்டர் தள்ளி இன்னொரு முட்டை மேலே இருந்தே இறக்கிக் கொடு, அதன் ஜாக்கைப் பலகையில் கெட்டியாக உட்காரும் அளவுக்கு மட்டும் இறுக்கு. அப்புறம் கரையில் நின்றபடி கயிறு கட்டி மோட்டாரைத் தூக்கி எடு. மோட்டாரைத் தொங்கவிட முட்டே வேண்டாம், குழி விளிம்பிலிருந்து ரெண்டு பக்கமும் நன்றாகத் தள்ளித் தாங்கல் வைத்து, மேலே தனியாக ஒரு ஐ பீம் போட்டு அதில் தொங்கவிடு. அந்த பீமை யாரும் நீளவாக்கில் நெருக்கப் போவதில்லை, அதற்கு உன் பழைய கணக்கே போதும். மோட்டார் போனதும் உன் பைப்பில் மிஞ்சுவது சொந்த எடையின் மூன்றரை மி.மீ., 38 கிலோநியூட்டனில் அது 7 ஆகும், தகைவு 60 அளவில் நின்றுவிடும். 218 எங்கே, 60 எங்கே.

இல்லை, முட்டிலேயேதான் தொங்கவிடணும், வேறு இடமில்லை என்று மேஸ்திரி அடம் பிடித்தால் 100 என்.பி. மீடியம் பைப் போடு, 114.3 வெளிவிட்டம், 4.5 தகடு. எடை மீட்டருக்கு 8.4 கிலோவிலிருந்து 12.2 ஆகும், ஆனால் ஐ மதிப்பு 234-க்குப் போய்விடும், ஆய்லர் பளு 185. அதே மோட்டார், அதே 38 கிலோநியூட்டனுக்குத் தொய்வு 48-லிருந்து 13-க்கு வந்துவிடும். பைப்பின் விட்டம் இங்கே ரெண்டு இடத்தில் உதவுகிறது, முதல் தொய்வையும் குறைக்கிறது, அது பெருகுவதையும் குறைக்கிறது. தகட்டை மட்டும் தடிமனாக்கி அதே விட்டத்தில் ஹெவி பைப் வாங்கினால் இந்த அளவு லாபம் கிடைக்காது.

நூல் பிடிப்பதைக் காலையில் ஒரே நேரத்தில் செய், வெயில் ஏறினால் பைப் நீளப் பார்க்கும், நீள இடமில்லாமல் நெருக்கல் கூடும், மத்தியான அளவு வேறாக வரும். நூலை முனைக்கு முனை பைப்பின் அடிப்பக்கத்தில் இழுத்துப் பிடி, பலகையிலிருந்து பிடிக்காதே. மோட்டாரை எடுத்ததும் முதலில் இந்த பைப்பை அளந்து எனக்கு எழுது. 7 பக்கத்தில் வந்தால் பைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. 15-க்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் இரும்பு இளகி நிரந்தரமாக வளைந்துவிட்டது, பக்கத்து முட்டு உட்கார்ந்த பிறகு அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு.